கதவில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டால் போனது 46,000 ரூபாய்: தயவுசெய்து படியுங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்கினபிறகு எழுதலாம் என்று பார்த்தால் அதற்குள் இன்னொருவர் வீட்டுக் கதவில் இதே சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

போனது 46,000 ரூபாய். என் அண்ணனிடமிருந்து 30,000, கூட வேலை பார்க்கும் தோழியிடமிருந்து 16,000. இரண்டையும் என் பெயரில், என் படத்தோடு, என் எண்ணிலிருந்து யாரோ கேட்டு வாங்கியிருக்கிறான். நான் எந்த லிங்க்கையும் தொடவில்லை, எந்தச் செயலியையும் இறக்கவில்லை, ஓடிபியை யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை நாள் நமக்குச் சொல்லிக்கொடுத்த எச்சரிக்கை எதுவும் இதைத் தடுக்கவில்லை.

அப்பாவின் காது கேட்கும் கருவி பழுதுபார்க்கப் போயிருந்தது. கூரியரில் வரவேண்டும். நான் வேலையில் இருந்தேன், வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அக்கா ஒரு படம் அனுப்பினார், கூடவே குரல் செய்தி: "பாப்பா, உன் கதவுல சீட்டு ஒட்டியிருக்காங்க. ஏதோ அவசரம்னு எழுதியிருக்கு, சீக்கிரம் பாரு." அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நல்ல பக்கத்துவீட்டுக்காரர் செய்ய வேண்டியதைத்தான் செய்தார்.

படத்தில் இருந்தது இவ்வளவுதான்: "உங்க பார்சல் வந்தது. வீடு பூட்டி இருக்கு. ரெண்டு தடவை வந்துட்டேன். இன்னைக்கு 5 மணிக்குள்ள போன் பண்ணலைன்னா திருப்பி அனுப்பிடுவேன். அவசரம்." மேலே எங்கள் கதவு எண். கீழே ஒரு போன் நம்பர், அடியில் இரண்டு கோடு. எழுத்து சாய்ந்து, கடைசி வரி காகித ஓரத்தில் இடித்துக்கொண்டு, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதின மாதிரி இருந்தது. அச்சடித்த அட்டையாக இருந்திருந்தால் யோசித்திருப்பேன். கையால் எழுதியது என்றாலே மாடியேறி வந்து, பூட்டைப் பார்த்து, சலித்துப்போய்க் கிறுக்கிவிட்டுப் போன ஒரு ஆள் கண்முன் வந்துவிடுகிறான். அவன்மேல் பாவம்கூட வருகிறது. மணி நாலே கால். கூப்பிட்டேன்.

எடுத்தவன் அவ்வளவு மரியாதை. "அம்மா, எந்தப் பார்சலுக்கும்மா காத்திருக்கீங்க?" என்று கேட்டான். காது மெஷின் என்றேன். "ஆமாம்மா, அதேதான், சின்னப் பெட்டி" என்றான். சீட்டில் பார்சலின் விவரம் ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொன்னான். அந்த நொடியில்தான் நம்பிக்கை முழுதாக வந்தது. "வயசானவங்க பொருள், திரும்பிப் போனா ரொம்ப லேட்டாகும்மா, நான் பார்க்கிறேன்" என்று அவனே அக்கறைப்பட்டான்.

அப்புறம் சொன்னது இது: பையன் வண்டியில் இருக்கிறான், நேராக எடுக்கமாட்டான், அலுவலக இணைப்பு வழியாகத்தான் போகும், ஒரு நம்பர் சொல்கிறேன், அப்படியே டயல் செய்யுங்கள். முதலில் `**21*`, பிறகு ஒரு பத்து இலக்க எண், கடைசியில் `#`. திரையில் ஏதோ ஒரு சின்னப் பெட்டி வந்து, வெற்றி என்கிற மாதிரி ஒரு வரி காட்டியது. "சரிம்மா, பையன் அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுவான்" என்று வைத்துவிட்டான்.

`**21*` என்பது கால் பார்வர்டிங்கை முடுக்கிவிடும் கட்டளை. எந்த எண்ணுக்கு வரும் அழைப்பையும் மணி அடிக்கவே விடாமல் இன்னொரு எண்ணுக்குத் திருப்பிவிடுவதற்காக ஜிஎஸ்எம் நெட்வொர்க்குகளில் வைத்திருக்கும் வசதி. அதாவது எனக்கு வரும் எல்லா அழைப்பும் அவனுக்குப் போக, நானே டயல் செய்யும்படி வைத்துவிட்டான். எஸ்எம்எஸ் இப்படித் திரும்பாது. குரல் அழைப்பு மட்டும்தான். அவனுக்கு அது போதும். ஏனென்றால் மெசேஜ் செயலியை வேறொரு போனில் என் எண்ணைப் போட்டுத் திறக்கும்போது, எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீட்டைத் தவிர்த்துவிட்டு "அழைத்துச் சொல்" என்று தேர்ந்தெடுக்கலாம். செயலி என் எண்ணை அழைத்தது, அந்த அழைப்பு அவன் போனில் அடித்தது, ஆறு இலக்கத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான். என் போனில் அந்தச் செயலி தானாக வெளியேறியது. நான் அதை நெட் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், "ஆஸ்பத்திரியில இருக்கேன், அவசரமா 30,000 போடு, பேச முடியல" என்று அண்ணனுக்குச் செய்தி போயிருக்கிறது.

அண்ணன் சந்தேகப்பட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறார். சரியான காரியம். ஆனால் அழைப்பு எங்கே போகும்? அவனுக்கே போனது. அவன் எடுக்காமல் துண்டித்துவிட்டு, "டாக்டர்கிட்ட இருக்கேன்" என்று செய்தி அனுப்பியிருக்கிறான். அண்ணன் 30,000 போட்டார். தோழி 16,000 போட்டாள். 46,000 ரூபாய். சரிபார்ப்பதற்கு நாம் வைத்திருக்கும் ஒரே வழியையும் அவன் முதலிலேயே அடைத்துவிட்டான் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து சீட்டைக் கையில் எடுத்தபோதுதான் மிச்சம் தெரிந்தது. பேனாவால் எழுதினால் காகிதத்தின் பின்பக்கம் மேடு தட்டும், விரலால் தடவினாலே தெரியும். இதில் பின்பக்கம் வழவழவென்று இருந்தது, எங்கள் கதவு எண்ணின் இடத்தில் மட்டும் மேடு. மொத்தச் சீட்டும் ஜெராக்ஸ், கதவு எண்ணை மட்டும் கையால் நிரப்பியிருக்கிறான். மாடிவீட்டிலும் ஒன்று கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். "பூட்டி" என்ற சொல்லில் டகரத்தின் கோடு இரண்டிலும் ஒரே இடத்தில் விட்டுப்போயிருந்தது. கையால் இரண்டு தடவை எழுதினால் ஒரே பிழை ஒரே இடத்தில் வராது. போட்டோவில் இதெல்லாம் தெரிய வாய்ப்பே இல்லை. மேடும் தெரியாது, மையும் தெரியாது, பக்கத்துக் கதவுகளும் தெரியாது. அவசரம் மட்டும்தான் படத்தில் பத்திரமாக வந்து சேரும். இவன் நம்பியிருப்பதும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

அதே வாரத்தில் உண்மையான கூரியர்காரர் வந்தார். அப்போதும் வீடு பூட்டியிருந்தது, அவரும் சீட்டு வைத்துவிட்டுப் போனார்: "வீடு பூட்டு. 2.40. எண் கடைசி 6183. நாளை காலை வரேன்." கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை, "அவசரம்" என்ற சொல்லே இல்லை. உண்மையிலேயே அவசரத்தில் இருப்பவர் வாக்கியத்தைச் சுருக்குவார், விவரத்தை விடமாட்டார். வந்த நேரம், டிராக்கிங் எண், அடுத்து எப்போது வருவார் என்பது, இவ்வளவுதான் அவருக்கு வேண்டும். கடைசி நாலு இலக்கம் எனக்கு வந்த குறுஞ்செய்தியோடு ஒத்துப்போனது. முந்தைய சீட்டில் எழுத்துதான் அவசரமாக இருந்தது. சொற்களோ நிதானமாக உட்கார்ந்து யோசித்தவை: கெடு, விளைவு, குற்ற உணர்ச்சி, ஒரே ஒரு போன் நம்பர். பார்சலைப் பற்றி ஒன்றுமே இல்லை.

இனி பதில்களைக் கேளுங்கள். கூரியர் நிறுவனத்தைக் கூப்பிட்டேன். டிராக்கிங் எண் சொல்லுங்கள் என்றார்கள். அது போலிச் சீட்டு, எண்ணே இல்லை என்றேன். "எண் இல்லாம புகார் பதிய முடியாது மேடம்." அவர்கள் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள், வாடிக்கையாளர்களை எச்சரியுங்கள் என்றால், "எங்க ஆளுங்க இப்படிச் சீட்டு வைக்கமாட்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். போன் சேவை நிறுவனத்தில், "கோரிக்கை உங்க போன்லேருந்துதான் வந்திருக்கு, சிஸ்டம் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு" என்றார்கள். அழைப்பு திருப்பிவிடப்பட்ட எண்ணைத் தடுத்து நிறுத்துங்கள் என்று கேட்டேன். அதற்குக் காவல்துறைக் கடிதம் வேண்டுமாம். காவல் நிலையத்தில் வங்கி ஆவணம் கொண்டுவரச் சொன்னார்கள். அண்ணனின் வங்கியிலோ, அவரே தன் பின் எண்ணைப் போட்டு அனுப்பியிருப்பதால் இது அங்கீகரிக்கப்பட்ட பரிவர்த்தனை என்று முடித்துவிட்டார்கள். மெசேஜ் செயலிக்கு எழுதினால் தானியங்கிப் பதில். நான் திரும்ப உள்ளே போகப் பார்த்தபோது, அவன் அதற்குள் இரண்டடுக்குச் சரிபார்ப்புப் பின் எண் வைத்திருந்தான், ஏழு நாள் காத்திருக்கச் சொன்னது. குறியீட்டை எஸ்எம்எஸ்ஸில் வாங்கிப் போட்டவுடன் அவன் வெளியே தள்ளப்பட்டான் என்பது மட்டும் ஆறுதல். 46,000 ரூபாய் என்று சொல்லும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் அடுத்த அலுவலகத்தின் பெயரைச் சொல்கிறார். அண்ணனுக்கும் தோழிக்கும் பணத்தை நானே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

விரிவாக எழுதலாம் என்றிருந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள்.

போனில் பேசுபவர் என்ன காரணம் சொன்னாலும், அவர் சொல்லும் `*` அல்லது `#` இருக்கும் எண்ணை டயல் செய்யாதீர்கள். இப்போதே `*#21#` அழுத்திப் பாருங்கள், உங்களுக்கு வரும் எல்லா அழைப்பும் இப்படி எங்காவது திருப்பப்பட்டிருந்தால் காட்டும். சந்தேகமாக இருந்தால் `##002#`, எல்லாத் திருப்பலும் ரத்தாகும். இரண்டு சிம் இருந்தால் இரண்டிலும் தனித்தனியாகச் செய்யுங்கள். சில நெட்வொர்க்குகளில் குறியீடு வேறு, அப்போது போன் அமைப்புகளில் கால் பார்வர்டிங் பகுதிக்குள் போய்ப் பாருங்கள். மெசேஜ் செயலியில் இரண்டடுக்குச் சரிபார்ப்புப் பின் எண் இன்றே வையுங்கள். அது இருந்திருந்தால் அந்த ஆறு இலக்கம் கிடைத்தும் அவன் வாசலோடு நின்றிருப்பான்.

சீட்டில் இருக்கும் நம்பரைக் கூப்பிடாதீர்கள். பொருளை அனுப்பியவரிடம் டிராக்கிங் எண் வாங்கிப் பாருங்கள். பக்கத்துவீட்டில் யாராவது இப்படிப் படம் அனுப்பினால், சீட்டின் பின்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், மற்றக் கதவுகளிலும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பணம் கேட்டு யாரிடமிருந்தாவது செய்தி வந்து, அழைத்தால் எடுக்கவில்லை என்றால், அவர் வீட்டில் வேறொருவரின் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அண்ணன் என் அப்பாவின் எண்ணுக்கு அடித்து அவர் எடுத்திருந்தால் 30,000 போயிருக்காது, ஆனால் காது மெஷின் இல்லாமல் அப்பாவுக்கு மணி கேட்டிருக்காது.