தாடியை எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் படம் கொடுக்கும் முன்

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்காக அவருடைய படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட விரும்பினோம். நாற்பது ஆண்டுகளாகத் தினமும் காலையில் முகம் மழித்துக்கொண்டே வேலைக்குப் போனவர் அவர். கடைசிக் காலத்தில் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். பிளேடு பட்டால் இரத்தம் எளிதில் நிற்காது என்ற அச்சத்தில் பதினான்கு மாதங்கள் மழிக்காமல் விட்டார். எங்களிடம் இருக்கும் ஒரே தெளிவான படம், உறவினர் திருமணத்தில் நல்ல கேமராவில் எடுத்த 4000க்கு 6000 பிக்சல் படம். அதில் அவர் முழுத் தாடியோடு இருக்கிறார். "தாடியோடு மாட்டினால் அது அவர் இல்லைடா" என்று அம்மா சொன்னதால், தாடியை நீக்கித் தருவதாகச் சொன்ன ஒரு ஸ்டுடியோவில் 4,500 ரூபாய் பேசி, 3,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். அங்கே நடந்ததை எழுதுவது, இதே தேவையோடு போகிற வேறு யாரும் என்னைப் போல ஏமாறாமல் இருப்பதற்காகத்தான்.

பத்து நாள் கழித்து 12க்கு 18 அங்குல பிரிண்ட் வந்தது. சற்றுத் தள்ளி நின்று பார்த்தபோதே வேறு யாரோ ஒருவர் போலத் தெரிந்தது. கோப்பைக் கேட்டு வாங்கிக் கணினியில் திறந்ததும், நீளவாக்கில் 1600 பிக்சல்தான் இருந்தது. அதாவது, நான் பென்டிரைவில் கொடுத்த மூலப் படத்தை விட்டுவிட்டு, அடையாளத்துக்காக வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த படத்தின் மேல் வேலை செய்திருக்கிறார்கள். 18 அங்குலத்துக்கு அது அங்குலத்துக்கு 90 பிக்சல் கூட வராது. நல்ல பிரிண்டுக்கு 300 வேண்டும். மூலப் படத்தில் அது தாராளமாக இருந்தது.

அதைவிட வேதனை தந்தது முகவாய். அப்பாவின் தாடி முகவாய்க்குக் கீழே ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் தொங்கியது. அவர்கள் முடியை மட்டும் மறைத்துவிட்டு, தாடியின் வெளிக்கோட்டையே தாடையின் கோடாக வைத்துவிட்டார்கள். தாடிக்குள் எலும்பு எங்கே முடிகிறது என்பது அந்தப் படத்தில் இல்லை. பழைய படம் ஒன்றைப் பார்த்துத்தான் அதைத் தீர்மானிக்க முடியும். நேர்முகமாக எடுத்த பழைய பாஸ்போர்ட் படத்தை நான் கொடுத்திருந்தேன். அந்தக் கவர் ஒட்டியது ஒட்டியபடியே திரும்பி வந்தது. பிறகு நானே அளந்து பார்த்தேன். பழைய படத்தில் இரு கருவிழிகளுக்கு இடையிலான தூரத்தை ஒன்று என்று கொண்டால், மூக்கின் அடியிலிருந்து முகவாய் நுனி வரை 1.1 வந்தது. திருமணப் படத்தில் கருவிழிகளின் இடைவெளி 520 பிக்சல் என்பதால், முகவாய் 570 பிக்சலுக்கு அருகில் முடிய வேண்டும். ஸ்டுடியோ தந்த முகத்தை அதே அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அது 700 வரை நீண்டிருந்தது.

தோலை அவர்கள் நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தார்கள். அப்பாவுக்கு இடப் புருவத்துக்கு மேலே ஒரு சிறு மரு உண்டு. அந்த மரு தாடையில் மூன்று இடங்களில், அதே வடிவத்தில், அதே சாய்வில் இருந்தது. நெற்றியின் குறுக்குக் கோடுகள் கன்னத்தில் படுக்கையாக ஓடின. முதியவர் முகத்தில் அந்த இடத்தில் மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்புதான் இருக்கும். நிறமும் பொருந்தவில்லை. நெற்றி ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டுக் கறுத்த இடம். தாடி மூடியிருந்த தோலோ வெயில் படாமல் சற்று வெளுத்திருக்கும். அதைத் திருத்துவதற்காகத்தானோ என்னவோ, தாடை முழுவதும் நீலம் கலந்த சாம்பல் பூசியிருந்தார்கள். மழித்த முகத்தில் அந்தச் சாயல் வருவது, தோலுக்கு அடியில் நிற்கும் கறுப்பு முடியின் வேர் மங்கலாகத் தெரிவதால்தான். அப்பாவின் முகவாயில் முடி முழுக்க நரைத்துவிட்டது. மேலுதட்டின் இரு ஓரங்களில் மட்டும் கறுப்பு மிச்சமிருந்தது. நரைமுடி மழித்த இடத்தில் அந்தச் சாயல் ஏறக்குறைய வராது. எழுபது வயதுக்காரரின் முகத்தில் இருபத்தைந்து வயது இளைஞனின் தாடையை அவர்கள் வைத்துவிட்டார்கள்.

நிழலைத் தொடவே இல்லை. ஒளி அப்பாவின் இடப்பக்கச் சன்னலிலிருந்து வந்தது. தாடியின் நிழல் சட்டைக் காலரின் வலப்பக்கத்தில் பிசிறு பிசிறாக விழுந்திருந்தது. தாடி போன பிறகும் அந்தப் பிசிறு காலரில் அப்படியே கிடந்தது. இதைக் காட்டிக் கேட்டபோது, "தாடி வச்ச போட்டோன்னா இப்படித்தான் சார் வரும்" என்று சொன்னார்கள். திருத்தங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தனித்தனி அடுக்குகளாக, அதாவது லேயர்களாக, இருக்கும் கோப்பைத் தர மறுத்தார்கள். முன்பணமும் திரும்பவில்லை.

அந்தப் பதில் உண்மையில்லை என்பதை, திருமண ஆல்பங்களுக்கு நீண்ட காலம் டச்சிங் செய்துவரும் இன்னொருவரிடம் போனபோது நேரில் பார்த்தேன். அவர் முதலில் பழைய படத்தைக் கண்ணோடு கண்ணும் மூக்கோடு மூக்கும் பொருந்த மேலே வைத்து, முகவாய்க் கோட்டை மட்டும் வரைந்துகொண்டார். பிறகு படத்தை இரண்டு லேயர்களாகப் பிரித்தார். நிறமும் நிழலும் ஒன்றில், தோலின் துளைகளும் சுருக்கங்களும் மற்றொன்றில். நிற லேயரில் முடியின் நிறத்தை முழுக்க நீக்கி, காதுக்கு முன்னாலும் கழுத்தின் பக்கவாட்டிலும் உள்ள வெயில் குறைந்த தோலின் நிறத்தை வைத்து நிரப்பினார். கன்னத்திலிருந்து தாடைக்கு வரும் வெளுப்பை, எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாதபடி மெல்லக் கலந்தார். துளைகளை ஒரே இடத்திலிருந்து எடுக்காமல் இரு கன்னங்களிலிருந்தும் சிறு சிறு துண்டுகளாக எடுத்து, தாடை வளைகிற திசைக்குத் திருப்பி வைத்தார். மேலுதட்டு ஓரங்களில் மட்டும் மிக லேசான சாம்பல் கொடுத்தார். கடைசியில் காலரிலிருந்த பழைய நிழலை அழித்துவிட்டு, அதே படத்தில் மூக்கின் நிழலிலிருந்து நிறம் எடுத்து, வலத் தாடையிலும் முகவாய்க்குக் கீழே கழுத்திலும் புது நிழலைத் தனி லேயரில் ஏற்றினார். இரண்டு நாள் ஆனது. மீசை மூடியிருந்த மேலுதட்டின் விளிம்பு தன் ஊகம்தான் என்பதை அவரே சொன்னார். அதைப் பழைய படத்தைப் பார்த்து இரண்டு முறை திருத்தினார். இப்படி மாற்றிய படத்தை அடையாள அட்டை எதற்கும் கொடுக்கக் கூடாது என்றும் எச்சரித்தார்.

எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன், மழித்த முகத்தோடு உள்ள பழைய படத்தை அவர்கள் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். கேட்காதவர் தாடையை எதைப் பார்த்து வரைவார்? பிரிண்ட் போடுவதற்கு முன்பே கோப்பை வாங்கி, நூறு சதவீத அளவில் தாடையை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பாருங்கள். ஒரே புள்ளியோ மருவோ இரண்டாம் முறை கண்ணில் பட்டால், மேற்கொண்டு பணம் கொடுக்காதீர்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கியும் பாருங்கள். நிறம் மறைத்துவைத்த தவறான வெளிச்சம் அதில் திட்டுத் திட்டாகத் தெரியும். ஸ்டுடியோ கொடுத்த படத்தில் பழைய தாடியின் எல்லை முழுவதும் அப்படித்தான் தெரிந்தது.

இரண்டாவது படம் இப்போது கூடத்தில் இருக்கிறது. முகவாயின் நடுவில், என்றோ பிளேடு பட்ட ஒரு சிறு தழும்பு அப்பாவுக்கு உண்டு. நான் சொல்ல மறந்த அதைப் பழைய படத்தில் பார்த்து, டச்சிங் செய்தவர் உரிய இடத்தில் வைத்திருந்தார். அம்மா முதலில் கை வைத்துத் தொட்டது அந்த இடத்தைத்தான்.