சீக்கிரம் படித்து முடிக்கும் பிள்ளைக்கு இன்னொரு பத்தி வேண்டாம்: நீட்டிப்புக் கேள்விகளை நெடுநாள் பயன்படுத்தியதில் தெரிந்தவை

வகுப்பில் நாலைந்து பேர் மற்றவர்களுக்கு முன்பே படித்து விடையும் எழுதிவிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்களிடம் இன்னொரு பத்தியும் அதே மாதிரி ஐந்து கேள்விகளும் கொடுப்பதுதான் வழக்கம். சீக்கிரம் முடித்தால் வேலை கூடும் என்று பிள்ளைகள் விரைவில் புரிந்துகொள்கிறார்கள். பிறகு வேண்டுமென்றே மெதுவாக எழுதத் தொடங்குகிறார்கள். அதற்கு மாற்றாக, அதே பத்திக்குத் திரும்ப வைக்கும் ஒரே ஒரு கேள்வியை, அதாவது நீட்டிப்புக் கேள்வியை, கொடுத்துப் பார்த்த அனுபவம் இது. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறோம்.

வகுப்புக்கென்று எழுதிய ஒரு சிறு பத்தியை எடுத்துக்கொள்வோம்.

(1) பாட்டி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். (2) மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். (3) "என்ன செய்தி?" என்று தாத்தா கேட்டார். (4) "ஒன்றுமில்லை, எல்லாரும் சுகம்" என்றாள். (5) அன்று இரவு வெகுநேரம் விளக்கு எரிந்தது.

"கடிதத்தை எங்கே வைத்தாள்?", "தாத்தா என்ன கேட்டார்?" என்று எத்தனை கேட்டாலும் பிள்ளை வரியைப் பார்த்து எடுத்து எழுதிவிடும். "கடிதத்தில் என்ன இருந்திருக்கும்?" என்பது ஆழமான கேள்விபோலத் தோன்றும், ஆனால் அதுதான் அதிகம் ஏமாற்றுவது. மரணம், கடன், திருமணம் என்று கற்பனை ஓடும். எதற்கும் பத்தியில் சான்று இல்லை. பிள்ளை நிறைய எழுதியிருக்கும், பத்தியை மறுபடி ஒருமுறைகூடப் பார்த்திருக்காது.

நன்றாக வேலை செய்தது இப்படிப்பட்ட கேள்வி: "பாட்டி எதையோ மறைக்கிறாள் என்று பத்தி நேராகச் சொல்லவில்லை. ஒரே ஒரு வாக்கியத்தை நீக்கி அந்தச் சந்தேகத்தை முடிந்தவரை குறைக்க வேண்டும். எதை நீக்குவாய்? ஏன் மற்ற நான்கையும் நீக்கவில்லை?"

முதலில் பலரும் நான்காவதைச் சொல்வார்கள், பொய் அங்கேதானே இருக்கிறது என்று. நீக்கிப் படித்தால், கடிதம் பெட்டிக்கு அடியில்தான் இருக்கிறது. தாத்தாவின் கேள்விக்குப் பதிலும் இல்லை. சந்தேகம் கூடுகிறது. ஐந்தாவதை நீக்கினால் மறைத்து வைத்ததும் பதிலும் அப்படியே நிற்கின்றன. இரண்டாவதை நீக்கினால்தான் நிலைமை மாறுகிறது. இரண்டு முறை படித்தது மகிழ்ச்சியாலும் இருக்கலாம், விளக்கு எரிந்ததற்கு வேறு காரணம் இருக்கலாம், "எல்லாரும் சுகம்" உண்மையாகவும் இருக்கலாம். மற்ற வரிகளுக்குச் சந்தேக நிறம் பூசுவது அந்த ஒரு வரிதான் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கிறது. மூன்றாவதையோ முதலாவதையோ சொல்லி நன்றாக வாதிட்டாலும் ஏற்க வேண்டும். ஒவ்வொரு வாதமும் வாக்கிய எண்ணோடு வர வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

இதையும் முடித்துவிட்டால், இரண்டாவது வாக்கியத்தை நான்காவதற்குப் பின்னால் நகர்த்தச் சொல்லலாம். இப்போதுள்ள வரிசையில் தாத்தா கேட்பதற்கு முன்பே கடிதம் பெட்டிக்கு அடியில் போய்விடுகிறது. மாற்றிவிட்டால், பதில் சொன்ன பிறகு எழுந்த பயத்தில் ஒளிப்பதுபோல ஆகிவிடும். வேகமாகப் படிப்பவர்கள் நடந்ததைப் பிடித்துக்கொண்டு வரிசையை விட்டுவிடுவதுண்டு. அவர்களுக்கு இந்தக் கேள்வி மிகவும் பொருந்துகிறது.

வேலைகளைக் கொஞ்சம் மாற்றி அமைக்கவும் வேண்டியிருக்கிறது. நீட்டிப்புக் கேள்வியை வழக்கமான கேள்விகளின் மேல் ஏற்றாமல், கடைசி இரண்டு நினைவுக் கேள்விகளுக்குப் பதிலாகக் கொடுத்தால் தண்டனை என்ற எண்ணம் குறைகிறது. அரைப் பக்கம் போதும். வகுப்பின் முடிவில் அந்த விடையை யாராவது இரண்டு நிமிடம் கேட்க வேண்டும். கேட்பார் இல்லை என்று தெரிந்ததும் எழுத்து சுருங்கி ஒரு வரியாகிவிடுகிறது. வேகமாக முடித்த எல்லாரும் புரிந்து படித்தவர்களும் அல்லர். "பாட்டி சொன்ன பதிலைத் தாத்தா நம்பினாரா? பத்தி சொல்கிறதா?" என்று முதலில் கேட்டுப் பாருங்கள். "நம்பினார்" என்று தயங்காமல் சொல்லும் பிள்ளை பத்திக்கே திரும்பட்டும், நீட்டிப்பு பிறகு.

கேள்வி பலிக்கிறதா என்பதை விடைத்தாளைவிடப் பிள்ளையின் கண்கள் சீக்கிரம் காட்டும். எழுதும்போது பார்வை பத்திக்குப் போய்வருகிறதா, முதலில் எழுதியதை அடித்து மாற்றுகிறதா என்று கவனியுங்கள். இரண்டும் நடக்கவில்லையென்றால் பெரும்பாலும் குறை கேள்வியில்தான். கொடுப்பதற்கு முன் ஆசிரியரே விடை எழுதிப் பார்ப்பது நல்லது. பத்தியைப் பார்க்காமல் எழுத முடிந்தால் அந்தக் கேள்வியைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

தகவல் கட்டுரைகளுக்கு இந்த நீக்கல் முறை அப்படியே பொருந்தாது. அங்கே ஒரு வாக்கியம் போனால் பெரும்பாலும் ஒரு தகவல்தான் போகும், மற்ற வரிகளின் பொருள் மாறாது. "இந்த முடிவை ஏற்க இன்னும் எந்தச் சான்று வேண்டும்? கட்டுரையில் எந்த இடத்தில் அது வந்திருக்க வேண்டும்?" என்று கேட்பது அங்கே நன்றாக எடுபடுகிறது.