மனையா, பணமா, ஸ்டேயா?

சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்குக் கிரைய ஒப்பந்தத்தோடு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்பது ஒன்றுதான்: "சார், முதலில் ஒரு ஸ்டே வாங்கிக் கொடுங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்." அந்த "அப்புறம்" எவ்வளவு விலை பெறும் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை.

காட்பாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். தன் வீட்டை ஒட்டிய 2,400 சதுர அடி மனையை 24 லட்சம் ரூபாய்க்குப் பேசி, 2024 ஜனவரி 10 அன்று ஒப்பந்தம் எழுதினார். அட்வான்ஸ் 4 லட்சம், கெடு மூன்று மாதம். ஏப்ரலில் மனைக்காரர் பின்வாங்கினார். வேறொருவர் 36 லட்சம் தருகிறாராம். ஆசிரியர் என் மேசையில் ஒப்பந்தத்தையும் வங்கிப் பாஸ்புக்கையும் வைத்தார். அவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: இழப்பீட்டுப் பணம், விற்பனைக்குத் தடை, மனையையே எழுதி வாங்குவது.

இழப்பீட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மற்ற இரண்டும் அது போதாத இடத்தில்தான் பிறந்தன. இங்கிலாந்தில் பொதுச்சட்ட நீதிமன்றங்கள் பணத்தை மட்டும் தந்தன; பணம் போதாது என்றவர்கள் சான்சரி நீதிமன்றத்தை நாடினார்கள். ஆம்பூரில் ஒருவர் தோல் சப்ளை செய்வதாகச் சொல்லிக் கைவிட்டால், அடுத்த டேனரியில் அதே ரகத்தை வாங்கிக்கொண்டு விலை வித்தியாசத்தைக் கேட்கலாம். குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்துக்கு 2018-இல் வந்த திருத்தம் இதற்கு நேர்வழியே போட்டிருக்கிறது: 30 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்து, வேறொருவரிடம் வேலையை முடித்து, செலவை வசூலிக்கலாம். ஆனால் ஆசிரியர் வீட்டை ஒட்டி இன்னொரு மனை எங்கே வாங்குவது? நிலம் என்றால் பணம் ஈடாகாது என்ற அனுமானத்தைச் சட்டம் நெடுங்காலம் வைத்திருந்ததற்குக் காரணம் இதுதான்.

நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. அதைப் புத்தகம் சொல்லாது. கணக்குப்படி அவருக்கு நஷ்டம் 12 லட்சம்: மீறிய நாளின் சந்தை விலை 36, பேசிய விலை 24. அட்வான்ஸையும் சேர்த்தால் 16 லட்சம். ஆனால் 36 என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது? பக்கத்து மனைகளின் கிரையப் பத்திரங்களை எடுத்தால், அவற்றில் வழிகாட்டி மதிப்பை ஒட்டிய தொகைதான் எழுதியிருக்கும். உண்மையில் கைமாறிய பணம் எந்தப் பத்திரத்திலும் இருக்காது. ஊரே சேர்ந்து குறைத்து எழுதிய விலை, இழப்பீடு கேட்கிறவர் தலையில் வந்து விடிகிறது. கடைசியில் அட்வான்ஸும் வட்டியும்தான் மிஞ்சும். கொடுத்த அட்வான்ஸுக்கு அந்த மனை மீதே பொறுப்பு கோர, அதாவது மனையிலிருந்தே அதை வசூலிக்க, சொத்து மாற்றுச் சட்டம் இடம் தருகிறது என்பது மட்டும் ஆறுதல்.

இரண்டாவது வழி ஸ்டே, அதாவது உறுத்துக் கட்டளை. மனைக்காரர் வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்று தடுப்பது. கட்டணம் குறைவு, இடைக்கால உத்தரவு சீக்கிரம் கிடைக்கும், எதிராளிக்கு உடனே உறைக்கும். மக்களுக்கு இது பிடிப்பதில் வியப்பில்லை. ஆனால் தடை, மனையைத் தராது. விற்காமல் நிறுத்துமே தவிர, ஆசிரியருக்கு எழுதிக் கொடுக்க வைக்காது. அதைவிடக் கொடுமை, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 2 விதி 2: ஒரே வழக்கு மூலத்திலிருந்து எழும் பரிகாரங்களை ஒன்றாகக் கேட்க வேண்டும், நீதிமன்ற அனுமதியில்லாமல் ஒன்றை விட்டால், பிறகு அதற்காக வழக்குப் போட முடியாது. சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற விர்கோ இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2012-இல் இதுதான் நடந்தது. முதலில் உறுத்துக் கட்டளைக்கு மட்டும் வழக்கு. பின்னர் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி இன்னொன்று. இரண்டாவது வழக்கே நிற்காது என்று முடிந்தது. ஆசிரியரின் கதையிலும் மனைக்காரர் மறுத்தாகிவிட்டதால், நிறைவேற்றக் கேட்கும் உரிமை ஏப்ரலிலேயே எழுந்துவிட்டது. "முதலில் ஸ்டே" என்று போயிருந்தால் மனையைக் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்ததற்குச் சமம்.

மூன்றாவது, ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு: ஒப்பந்தப்படி கிரையப் பத்திரம் எழுதிக் கொடு என்பது. 2018 அக்டோபர் 1-க்கு முன்பு இது நீதிபதியின் விருப்புரிமை. மதுரை வீடு ஒன்றுக்கு 1978-இல் ஆறு மாதக் கெடுவோடு ஒப்பந்தம் செய்து, இரண்டரை ஆண்டு சும்மா இருந்து வழக்குப் போட்டவருக்கு, விலை ஏறியதையும் கணக்கில் எடுத்து உச்ச நீதிமன்றம் 1997-இல் மறுத்தது. திருத்தத்துக்குப் பிறகு, சட்டம் விலக்கிய சில வகைகள் தவிர, ஒப்பந்தத்தை நீதிமன்றம் அமலாக்க வேண்டும் என்றாகிவிட்டது. பணம் போதுமா என்ற பழைய கேள்வி இங்கே பெரும்பாலும் ஒதுங்கிவிட்டது.

ஆனால் ஒன்று ஒதுங்கவில்லை. வாங்குபவர் தொடக்கம் முதல் ஆயத்தமாகவும் விருப்பமாகவும் இருந்தார் என்று நிரூபிக்க வேண்டும். ஆயத்தம் என்பது பணபலம், விருப்பம் என்பது நடத்தை. பாதி வழக்குகள் தோற்பது இங்கேதான். கெடு முடிந்த ஏப்ரல் 10 அன்று மீதி 20 லட்சம் எங்கிருந்தது? ஆசிரியரின் பாஸ்புக்கில் மார்ச் மாதமே ஓய்வூதியப் பணப்பலன் வரவு, அன்றைய இருப்பு 21 லட்சத்துக்கு மேல். ஏப்ரல் 8 அன்று பதிவுத் தபாலில் "நாளை மறுநாள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வாருங்கள்" என்று கடிதம். ஒப்புகை அட்டையில் மனைக்காரர் கையெழுத்து. இந்த இரண்டு தாள்கள் இல்லையென்றால், நான் அவரை இழப்பீட்டுப் பக்கமே திருப்பியிருப்பேன்.

இன்னொரு பயம், இடையில் மனை கைமாறுவது. வழக்குத் தாக்கலான பின் வாங்குபவரை வழக்கின் முடிவு கட்டுப்படுத்தும். அதற்கு முன்பே, ஒப்பந்தம் பற்றி அறியாமல் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து ஒருவர் வாங்கிவிட்டால், அவரை அசைக்க முடியாது. ஆசிரியரின் ஒப்பந்தம் பதிவு செய்யப்படாதது. தமிழ்நாட்டில் 2012 முதல் இது பதிவு செய்ய வேண்டிய ஆவணம். பதிவில்லாவிட்டாலும் இந்த வகை வழக்கில் சாட்சியமாக எடுக்கலாம் என்று 2023-இல் ஹேமலதா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் பதிவு செய்திருந்தால் வில்லங்கச் சான்றில் தெரியும். எனக்குத் தெரியாது என்று புதியவர் சொல்ல வாய் வராது. அந்தக் காப்பு இவருக்கு இல்லை.

ஆகவே நாங்கள் ஒரே பிராதில் மூன்றையும் கோத்தோம். முதல் பரிகாரம் கிரையம் எழுதித் தருவதும் சுவாதீனம் ஒப்படைப்பதும். அதோடு, வழக்கு முடியும்வரை விற்கத் தடை. கிரையம் கிடைக்காவிட்டால், மாற்றாக அட்வான்ஸ், வட்டி, இழப்பீடு. சுவாதீனத்தையும் அட்வான்ஸையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காததை நீதிமன்றம் தானாகத் தராது. மறந்துவிட்டால் திருத்தம் செய்யலாம், ஆனால் அதற்கு ஒரு வாய்தா போகும்.

நீதிமன்றக் கட்டணம் 24 லட்சத்துக்கு நூற்றுக்கு மூன்று வீதம், 72 ஆயிரம் ரூபாய். "வெறும் ஸ்டேக்கு இவ்வளவு ஆகாதே சார்" என்றார் ஆசிரியர். ஆகாதுதான் என்றேன். சிறிது நேரம் பாஸ்புக்கைப் புரட்டிவிட்டு, காசோலைப் புத்தகத்தை எடுத்தார். மூன்று ஆண்டுக் காலவரம்பு 2027 ஏப்ரல் வரை இருந்தது. அதற்காகக் காத்திராமல் அந்த வாரமே தாக்கல் செய்தோம்.