இங்க்ஸ்கேப்பில் தமிழும் உருதும்: தேதி ஏன் புரள்கிறது

ஆந்திராவின் வி.கோட்டாவில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பர் கேட்டார்: "அண்ணே, தமிழ்ல சரியா இருக்கிற தேதி, உருது பக்கம் போனா ஏன் தலைகீழா மாறுது?" குப்பம் வட்டாரத்தில் போஸ்டர் வடிவமைப்பவர்கள் எல்லாரும் ஒருநாள் கேட்கும் கேள்விதான். நாலு வருடமாக இந்த வேலையை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் செய்வதால், அதை வைத்தே சொல்கிறேன்.

உருதுவில் 'தாரீக்' என்று அடித்து, பக்கத்தில் 14-12-2025 என்று போட்டால் திரையில் இப்படி வரும்:

```
2025-12-14
```

மென்பொருளின் பிழை இல்லை இது. யூனிகோடின் இருதிசை விதிப்படி, உருது எழுத்துக்குப் பின் வரும் எண்கள் அரபு எண்களாகக் கருதப்படும். அவற்றுக்கு நடுவே வரும் சிறுகோடு எண்களை ஒட்டவைக்காது. அதனால் மூன்று துண்டுகளும் வலமிருந்து இடமாக அடுக்கப்படும். புள்ளியும் சாய்கோடும் ஒட்டவைக்கும், 14.12.2025 என்று அடித்தால் அப்படியே நிற்கும். நம் தமிழ் போஸ்டர் வழக்கமும் அதுதானே!

செல் நம்பரில்தான் உண்மையான ஆபத்து. ஐந்தைந்தாக இடைவெளி விட்டால் பின் ஐந்து முன்னால் வந்துவிடும். பார்க்க ஒழுங்கான நம்பர் போலவே இருப்பதால் பிழைதிருத்துபவர் கண்ணில் படாது. போன் வேறு யாருக்கோ போகும். +91 போட்டால் கூட்டல்குறி எண்ணின் வலப்பக்கம் போய்விடும். அதைக் கண்டால் மொத்த நம்பரையும் சந்தேகிக்கலாம்.

தீர்வு, எண்ணுக்குச் சற்று முன் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி. கர்சரை அங்கே வைத்து Ctrl+U அழுத்தி, 200e அடித்து Enter. தேதி, நம்பர் இரண்டும் நேராகும். ஆனால் தமிழும் உருதும் ஒரே பெட்டியில் இருந்தால் இது போதாது. பெட்டி இடமிருந்து வலமாக ஓடினால் எண் உருதுவின் வலப்பக்கம் நிற்கும். உருது வாசகர் அதை இடப்பக்கம் எதிர்பார்ப்பார். உருதுக்குத் தனிப் பெட்டி போட்டு, மேல்பட்டையில் வலமிருந்து இடம் என்று திசையை மாற்றுங்கள்.

நோட்டோ நஸ்தலீக் என்ற உருது எழுத்துரு இங்க்ஸ்கேப்பில் விழும் அழகு இன்றும் சலிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் வலது மேலிருந்து சரிந்து இறங்குவதால், அடிக்கோட்டைச் சமமாக வைத்தாலும் பக்கத்துத் தமிழ் பள்ளத்தில் இருப்பதுபோலத் தெரியும். தமிழைக் கண்ணளவில் கொஞ்சம் மேலே தூக்குங்கள். கடைசியில் Shift+Ctrl+C கொடுத்து எழுத்தை வரைகோடாக்கி அனுப்பினால் அச்சகத்தில் எதுவும் புரளாது.

இவ்வளவு மெச்சினாலும், இரவு பத்து மணிக்கு வரும் அவசர போஸ்டரை நான் இதில் செய்ய மாட்டேன். அந்தக் குறி இருக்கிறதா இல்லையா என்று திரை காட்டாது. வாடிக்கையாளர் நம்பரை மாற்றச் சொன்னதும் பழைய எண்ணோடு சேர்ந்து அதுவும் அழிந்துபோகும்.