கிராஸ்-எண்ட்ரோபியா, கேஎல்லா: கிளாசிஃபையருக்கு எது?

கிளாசிஃபையருக்கு எந்த லாஸ் என்று கேட்டால் நான் கிராஸ்-எண்ட்ரோபி கட்சி. கேஎல் டைவர்ஜென்ஸ் மட்டம் என்பதல்ல. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு எண், அந்த எண்தான் பெரும்பாலும் நம் கையில் இருக்காது.

ஒரு மங்கலான படத்தைப் பத்துப் பேரிடம் காட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஏழு பேர் நாய் என்கிறார்கள், இரண்டு பேர் ஓநாய், ஒருவர் நரி. ஒரு பதில் தரும் ஆச்சரியம் என்பது அதன் நிகழ்தகவின் -ln. இந்த 7:2:1 பிரிவு முன்பே தெரிந்தவருக்கும் சராசரியாக 0.80 ஆச்சரியம் மிஞ்சும், அதுதான் எண்ட்ரோபி. மாடலோ 0.5, 0.3, 0.2 என்று நம்புகிறது. ஆச்சரியத்தை மாடலின் எண்களால் அளந்து, சராசரியை நிஜப் பிரிவின்படி எடுத்தால் 0.89 வரும், இது கிராஸ்-எண்ட்ரோபி. தவறாக நம்பியதற்கான கூடுதல் செலவு 0.09, அது கேஎல். நிஜப் பிரிவை p, மாடலின் எண்களை q, எண்ட்ரோபியை H(p), கிராஸ்-எண்ட்ரோபியை H(p,q) என்று எழுதினால்:

```
H(p,q) = H(p) + KL(p||q)
```

எண்ட்ரோபி உடனே போட்டியிலிருந்து விலகிவிடும், அதில் மாடலே இல்லையே. மாடலின் எடைகளை எப்படி மாற்றினாலும் H(p) அசையாது, அதனால் மற்ற இரண்டுக்கும் கிரேடியண்ட் ஒன்றேதான்.

அப்புறம் ஏன் கேஎல் வேண்டாம்? நிஜத் தரவில் ஒரு படத்துக்கு ஒரு லேபிள்தான் இருக்கும், பத்துப் பேரின் கருத்து யாரிடமும் இருக்காது. அசல் p தெரியாமல் H(p)-ஐக் கழிக்க முடியாது. கிராஸ்-எண்ட்ரோபிக்கு p தெரியவே வேண்டாம்: சரியான லேபிளுக்கு மாடல் கொடுத்த நிகழ்தகவின் -ln-ஐ எடுத்து, எல்லாப் படங்களுக்கும் சராசரி போட்டால் போதும். லேபிளையே 1, 0, 0 என்று p-ஆக வைத்தால் H(p) பூஜ்யமாகி இரண்டும் ஒரே எண்ணாகிவிடும், சரி, ஆனால் அது நிஜப் பிரிவிலிருந்து மாடல் எவ்வளவு விலகியிருக்கிறது என்ற கணக்கல்ல. இதற்கு ஒரு விலையும் உண்டு. டெஸ்ட் லாஸ் 0.89-இல் நின்றால், அதில் மாடலின் குறை எவ்வளவு, படத்தின் மங்கல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஸ்கொயர்ட் எரரை ஏன் கணக்கிலேயே எடுக்கவில்லை என்றால், இரண்டு வகுப்பு சிக்மாய்டில் சரியான விடைக்கு மாடல் 0.01 கொடுத்திருக்கும்போது சிக்மாய்டுக்குள் போகும் எண்ணான லாஜிட்டைப் பொறுத்து அதன் கிரேடியண்ட் சுமார் -0.02 தான், கிராஸ்-எண்ட்ரோபிக்கு -0.99. மாடல் மோசமாகத் தவறும் இடத்திலேயே திருத்தம் செத்துவிடும்.

பெரிய மாடலின் நிகழ்தகவுகளைச் சின்ன மாடலுக்குக் கற்றுக்கொடுக்கும் டிஸ்டிலேஷனில் p முழுசாகத் தெரியும், அங்கே கேஎல் நல்லது. பூஜ்யத்தை நோக்கி இறங்குவதால் வரைபடத்தைப் படிப்பது எளிது. இதில் என் பழக்கம் சின்ன மாடல்களோடு நின்றது. பைடார்ச்சில் `CrossEntropyLoss` நேராக லாஜிட்டுகளை எடுக்கும். `KLDivLoss`-க்கு லாக் நிகழ்தகவு கொடுக்க வேண்டும், `reduction='batchmean'` என்றும் போட வேண்டும், இல்லாவிட்டால் வகுப்புகளின் எண்ணிக்கையாலும் வகுத்து லாஸைச் சின்னதாகக் காட்டும்.