அச்சிட்ட குறியா, கணக்கிட்ட குறியா?

இரத்தப் பரிசோதனை அறிக்கையின் படத்தை அட்டவணையாக்கும்போது, அதிகம் என்பதைக் காட்டும் H, குறைவு என்பதைக் காட்டும் L ஆகிய குறிகளை அச்சில் உள்ளபடியே எழுதலாம். முடிவை வரம்போடு ஒப்பிட்டு நாமே போடவும் செய்யலாம்.

| பரிசோதனை | முடிவு | அலகு | வரம்பு | குறி |
|---|---|---|---|---|
| பொட்டாசியம் | 3.1 | mmol/L | 3.5–5.1 | L |

மங்கிய படத்தில் புள்ளி தெரியாமல் 31 என்று பதிந்துவிட்டால், கணக்கிட்ட குறி H ஆகிவிடும்; தவறு வெளியே தெரியாது. அச்சிலுள்ள L-ஐ அப்படியே எழுதியிருந்தால் எண்ணும் குறியும் முரண்படும். உடனே படத்தைப் பெரிதாக்கிப் புள்ளியைத் தேடலாம். ஆண், பெண், வயதுக்கேற்பப் பல வரம்புகள் அச்சிட்டிருந்தாலும் கணக்கீடு தவறான வரியை எடுத்துக்கொள்ளக்கூடும்.

ஆகவே அச்சுக் குறியே பதிவில் இருக்கட்டும். கணக்கிட்டதைத் தனி நெடுவரிசையில் சரிபார்ப்புக்கு மட்டும் வையுங்கள். ஆனால் வரம்பைத் தாண்டிய கிரியேட்டினின் 1.4 என்பது 14 என்று பதிந்துவிட்டால், அச்சுக் குறி, கணக்கிட்ட குறி இரண்டுமே H காட்டும். அங்கே கண்ணால் பார்ப்பதுதான் வழி.