விளக்கு எரியாத இயர்பட் டப்பா: கேபிளா, உப்பா, பேட்டரியா?

கடலோரத் தங்கச்சிமடத்திலிருந்து வந்த மைத்துனன் தன் இயர்பட் டப்பாவை நீட்டினான். இரவெல்லாம் சார்ஜரில் கிடந்தும் விளக்கு எரியவில்லையாம். "பேட்டரி செத்துவிட்டது அத்தான், புதிது வாங்கிவிடட்டுமா?" என்றான். எல்லாரும் முதலில் சந்தேகிப்பது பேட்டரியைத்தான். நான் அதைக் கடைசியில் வைப்பேன்.

காசு செலவில்லாத வழி கேபிளை மாற்றுவது. இரு முனையும் டைப்-சி ஆக இருந்தால், எதிரே ஒரு கருவி இருப்பதை அறிந்த பிறகே சார்ஜர் மின்சாரம் தரும். அதை அறிவிக்க டப்பாவுக்குள் 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு வேண்டும். மலிவான டப்பாக்கள் சிலவற்றில் அவை இருப்பதில்லை. அகன்ற முனை கொண்ட பழைய சார்ஜர் அப்படி எதையும் எதிர்பார்க்காமல் 5 வோல்ட் தந்துவிடும். சிலருக்கு வேலை இதோடு முடிந்துவிடும். இவனுக்கு முடியவில்லை.

அடுத்தது சுத்தம் செய்வதா, பேட்டரியை மாற்றுவதா? இதை ஊகிக்க வேண்டாம். எவ்வளவு மின்சாரம் போகிறது என்று காட்டும் யுஎஸ்பி மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அதைச் சார்ஜருக்கும் கேபிளுக்கும் இடையில் செருகினால் போதும். 0.03 ஆம்பியர் போலச் சொற்பமாகக் காட்டினால், அடியோடு வடிந்த பேட்டரி மெல்ல ஏறுகிறது என்று பொருள். சுமார் 3 வோல்ட்டை எட்டும்வரை சார்ஜிங் சில்லு அவ்வளவுதான் கொடுக்கும். ஓரிரு மணி நேரம் விட்டுப் பார்க்கலாம். நாள் முழுக்க அதே எண் நின்றால் பேட்டரி போய்விட்டது. 0.00 என்றால் மின்சாரம் உள்ளேயே நுழையவில்லை. முதலில் டப்பாவில் கேபிள் செருகும் துளையைப் பாருங்கள்.

இவனுடையது 0.00. டார்ச் அடித்துப் பார்த்தேன். துளைக்குள் பச்சை படிந்திருந்தது. உப்புக்காற்றின் வேலை. இங்கேதான் பலர் நேராக ஆல்கஹாலைத் தொடுகிறார்கள். உப்பு அதில் சரியாகக் கரையாது. காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த மெல்லிய தூரிகையால் முதலில் துடைத்தேன். நீரை விரட்ட அதன் பிறகே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். குண்டூசி கூடவே கூடாது, உள்ளிருக்கும் நாக்கு உடைந்துவிடும். அரை நாள் காயவிட்டுச் செருகியதும் மீட்டர் 0.04 காட்டியது, இருபது நிமிடத்தில் 0.28 ஆக ஏற, சிவப்பு விளக்கு எரிந்தது. பேட்டரியும் வடிந்துதான் கிடந்திருக்கிறது, சாகவில்லை.

பேட்டரி மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டப்பாவைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். நெம்பும்போது பேட்டரியில் கீறல் விழுந்தால் தீப்பிடிக்கும். அதே மாடலின் டப்பா தனியாகக் கிடைத்தால் அதை வாங்குவது மேல். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜரில் போடவே வேண்டாம்.

ஈரத்தோடு செருகினால் துளைக்குள் 5 வோல்ட் வரும் உலோக முள் இன்னும் வேகமாக அரித்துப்போகும் என்று மைத்துனனிடம் சொல்லி அனுப்பினேன். படகிலிருந்து இறங்கியதும் டப்பாவைக் கைலியில் துடைத்துவிட்டுத்தான் சார்ஜரில் போடுகிறானாம்.